பெட்டகம் திருடு போனது, சாவி போகவில்லை: லாஸ்ட்பாஸ் 2022

2022 டிசம்பர் 22 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் சேவையான லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி கரீம் டூப்பா ஓர் அறிவிப்பை வெளியிட்டார். வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டு பெட்டகங்களின் பேக்கப்பை யாரோ நகலெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பதுதான் செய்தி. அதே அறிவிப்பில் ஆறுதலாக இன்னொன்றும் இருந்தது. எங்களுடையது ஜீரோ நாலெட்ஜ் அமைப்பு, பெட்டகத்தைத் திறக்கும் உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டு எங்களுக்கே தெரியாது, ஆகவே திருடியவருக்கும் தெரியாது. நாங்கள் சொன்ன முறையில் மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதை ஊகிக்கப் பல லட்சம் ஆண்டுகள் ஆகும்.

முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி சிலருக்கு மட்டும் உண்மை. ஜீரோ நாலெட்ஜ் என்ற சொல் எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இந்த ஒரு நிகழ்வையாவது முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் விளம்பர வாசகம் நிஜத்தில் சோதிக்கப்பட்டது இங்கேதான்.

முதலில் அந்தச் சொல். கணிதத்தில் ஜீரோ நாலெட்ஜ் என்றால் வேறு பொருள். ஒரு ரகசியம் என்னிடம் இருக்கிறது என்பதை, அந்த ரகசியத்தைச் சொல்லாமலே உங்களிடம் நிரூபிக்கும் முறை அது. 1985-இல் கோல்ட்வாசர், மிக்காலி, ராக்காஃப் என்ற மூவர் முன்வைத்தது. பாஸ்வேர்டு மேனேஜர் விற்பவர்கள் அந்தப் பொருளில் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. அவர்கள் சொல்ல வருவது இவ்வளவுதான்: பூட்டுவதும் திறப்பதும் உங்கள் கம்ப்யூட்டரில் அல்லது போனில் நடக்கும், எங்கள் சர்வருக்குப் பூட்டிய பெட்டி மட்டும் வரும், சாவி வராது. நீங்களே பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டியை மட்டும் அடுத்த வீட்டில் கொடுத்து வைப்பது மாதிரி.

சாவி எப்படி உருவாகிறது என்று பார்த்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். அப்போதைய லாஸ்ட்பாஸில் நடந்தது இது:

```
vault_key  = PBKDF2-SHA256(master_password, email, 100100)
login_hash = PBKDF2-SHA256(vault_key, master_password, 1)
```

முதல் வரியில், நீங்கள் தட்டும் மாஸ்டர் பாஸ்வேர்டும் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் சேர்த்து 1,00,100 சுற்று அரைக்கப்படுகின்றன. அரைத்து வரும் மாவுதான் பெட்டகச் சாவி. அது உங்கள் கருவியை விட்டு வெளியே போவதில்லை. இரண்டாவது வரியில் அந்தச் சாவியை இன்னும் ஒரு சுற்று அரைத்து வருவதுதான் சர்வருக்குப் போகிறது, நீங்கள்தான் வந்திருக்கிறீர்கள் என்று அடையாளம் காட்ட. அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க முடியாதே, அதனால் சர்வரிடம் இருப்பதை வைத்துச் சாவிக்குத் திரும்பி வர முடியாது. இந்த அமைப்பு நேர்மையானது, லாஸ்ட்பாஸ் இதில் பொய் சொல்லவில்லை.

ஆனால் அடுத்த வீட்டில் கொடுத்து வைத்த பெட்டியை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியாது, சரி. பெட்டி யாருடையது, எவ்வளவு கனம், நீங்கள் எப்போதெல்லாம் வந்து திறந்தீர்கள், மேலே என்ன எழுதி ஒட்டியிருக்கிறீர்கள் என்பதெல்லாம் தெரியும். லாஸ்ட்பாஸ் பெட்டியின் மேல் நிறையவே எழுதியிருந்தது.

பெட்டகம் என்பது மொத்தமாகப் பூட்டிய ஒரே கோப்பு என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது பதிவுகளின் வரிசை. ஒவ்வொரு பதிவிலும் சில கட்டங்கள் பூட்டியும் சில கட்டங்கள் திறந்தும் கிடந்தன. அது எப்படி இருக்கும் என்று காட்ட, மாதிரிக்கு ஒன்றை நானே சுருக்கி எழுதியிருக்கிறேன்:

```
url         68747470733a2f2f6578616d706c652e636f6d
username    !kX9f...|Qm3t...
password    !7Rb2...|Zc8w...
last_touch  1661990400
```

முதல் வரி ஏதோ ரகசிய எழுத்து போலத் தெரியும். அது பூட்டே இல்லை. எழுத்துகளுக்குப் பதில் அவற்றின் எண்களை எழுதியது, அவ்வளவுதான். 68 என்பது h, 74 என்பது t. டெர்மினலில் இதைத் தட்டினால் போதும்:

```
echo 68747470733a2f2f6578616d706c652e636f6d | xxd -r -p
```

`https://example.com` என்று வந்துவிடும். எந்தச் சாவியும் தேவையில்லை. நான்காவது வரியும் அப்படித்தான். 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை நொடி என்ற கணக்கு அது, இங்கே 2022 செப்டம்பர் 1 நள்ளிரவைக் காட்டுகிறது. அதாவது இந்தத் தளத்தின் பாஸ்வேர்டைக் கடைசியாக எப்போது தொட்டீர்கள் என்பது.

தள முகவரிதானே, போனால் போகிறது என்று தோன்றலாம். எனக்கு இந்தத் திருட்டிலேயே அதிகம் உறுத்துவது இதுதான். ஒருவர் சேமித்து வைத்த எல்லாத் தளங்களின் பட்டியல் கையில் இருந்தால், அவர் எந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறார், எந்த மருத்துவமனைக்குப் போகிறார், எந்த டேட்டிங் தளத்தில் இருக்கிறார், கிரிப்டோ வாங்கி விற்கிறாரா, எந்த அலுவலகத்தின் உள் சர்வரை நிர்வகிக்கிறார் என்று எல்லாம் தெரிந்துவிடும். சில முகவரிகளுக்குள்ளேயே பாஸ்வேர்டு மாற்றும் டோக்கன் ஒட்டிக்கொண்டிருக்கும். இதோடு திருடர்களுக்கு வாடிக்கையாளர் விவரங்களும் கிடைத்தன: பெயர், பில் முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண், எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தார் என்பது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பெட்டகத்தைக்கூடத் திறக்காமலே எந்தப் பெட்டகத்தை முதலில் உடைக்கலாம் என்று வரிசைப்படுத்திவிட முடியும்.

பூட்டிய கட்டங்களிலும் ஒரு விரிசல் இருந்தது. மேலே மாதிரியில் பூட்டிய மதிப்புகள் ஆச்சரியக்குறியில் தொடங்குகின்றன. சிபிசி என்ற முறையில் பூட்டியவற்றின் அடையாளம் அது. ஒவ்வொரு முறை பூட்டும்போதும் புதிதாக ஓர் எழுந்தமான எண் கலக்கப்படும், அதனால் ஒரே பாஸ்வேர்டு இரண்டு தளத்தில் இருந்தாலும் பூட்டிய வடிவம் வேறு வேறாக வரும். பழைய பதிவுகளில் சில இசிபி என்ற பழைய முறையிலேயே இருந்தன. அதில் ஒரே பாஸ்வேர்டைப் பூட்டினால் ஒரே வடிவம்தான் வரும். ஆகவே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டாலும், வங்கிக்கும் பழைய ஃபோரம் ஒன்றுக்கும் இவர் ஒரே பாஸ்வேர்டை வைத்திருக்கிறார் என்பது வெளியே தெரியும். அந்த ஃபோரத்தின் பாஸ்வேர்டு வேறு எங்காவது ஏற்கெனவே கசிந்திருந்தால், பெட்டகத்தைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

இனி அந்தப் பல லட்சம் ஆண்டுக் கணக்கு.

பெட்டகம் சர்வரில் இருக்கும்வரை, ஊகித்துப் பார்க்க வருகிறவர் சர்வரைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். பலமுறை தவறாகத் தட்டினால் சர்வர் கதவைச் சாத்திவிடும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் குறுக்கே நிற்கும். பேக்கப் திருடு போனபின் இவை எதுவும் இல்லை. திருடர் தன் அறையில், தன் கம்ப்யூட்டரில், யாரையும் கேட்காமல் எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம். போனுக்கு வரும் ஓடிபியோ ஆறு இலக்க எண்ணோ பெட்டகச் சாவியின் பகுதி அல்ல, அது சர்வரின் வாசலுக்கான காவல் மட்டுமே. சர்வர் தன் பங்குக்கு லாகின் மதிப்பை எத்தனை சுற்று மேலும் அரைத்து வைத்திருந்தாலும் அதுவும் இங்கே உதவாது, ஏனென்றால் திருடர் லாகின் மதிப்பைத் தொடவே போவதில்லை. ஒரு பாஸ்வேர்டை ஊகிப்பார், முதல் வரியை ஓட்டிச் சாவி செய்வார், பெட்டகத்தில் ஒரு கட்டத்தைத் திறந்து பார்ப்பார். குப்பையாக வந்தால் அடுத்த ஊகம்.

ஆகவே காவல் என்று மிச்சம் இருப்பவை இரண்டுதான். உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டு எவ்வளவு ஊகிக்க முடியாதது என்பது ஒன்று, ஓர் ஊகத்துக்கு எத்தனை சுற்று அரைக்க வேண்டும் என்பது மற்றொன்று.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளையாட்டுக்காக விற்கும் ஆர்டிஎக்ஸ் 4090 என்ற ஒற்றை கிராஃபிக்ஸ் கார்டு, 1,00,100 சுற்றில் நொடிக்குச் சுமார் 88,000 ஊகங்களைச் சோதிக்கும். இணையத்தில் எல்லாரிடமும் இருக்கும் ராக்யூ என்ற கசிந்த பாஸ்வேர்டு பட்டியலில் ஒரு கோடியே நாற்பத்து மூன்று லட்சம் பாஸ்வேர்டுகள் உள்ளன. அதை முழுக்க ஓட்ட மூன்று நிமிடம்கூட ஆகாது. ஒவ்வொன்றிலும் முதல் எழுத்தைப் பெரிதாக்கு, கடைசியில் 123 சேர், a-வுக்குப் பதில் @ போடு என்று ஆயிரம் விதிகளைச் சேர்த்து ஓட்டினாலும் இரண்டு நாளுக்குள் முடிந்துவிடும். மனிதர்கள் தாங்களாக யோசித்து வைக்கும் பன்னிரண்டு எழுத்துப் பாஸ்வேர்டுகளில் நிறைய இந்த வலைக்குள் விழும். குலதெய்வத்தின் பெயரோடு பிறந்த ஆண்டும் ஒரு @-உம் என்ற வகையும் இதற்குள் அடக்கம். நம் பெயர்களைக் கொண்டு பட்டியல் தயாரிப்பது கடினமே இல்லை.

அதே கார்டிடம், பகடை உருட்டி 7,776 சொல் கொண்ட பட்டியலிலிருந்து எடுத்த நான்கு சொற்களைக் கொடுத்தால் எல்லா வாய்ப்பையும் முயல ஏறக்குறைய 1,300 ஆண்டு ஆகும். ஐந்து சொல்லானால் ஒரு கோடி ஆண்டு. பல லட்சம் ஆண்டு என்று நிறுவனம் சொன்னது இந்த மாதிரியான, உண்மையிலேயே எழுந்தமானமாக உருவாக்கிய பாஸ்வேர்டுக்குத்தான் பொருந்தும். பன்னிரண்டு எழுத்து இருந்தாலே அது எழுந்தமானம் ஆகிவிடாது.

இதைவிட மோசமானது சுற்று எண்ணிக்கை. 1,00,100 என்பது 2018 முதல் வந்த இயல்புநிலை. அதற்கு முன்பு 5,000, அதற்கும் முன்பு 500. அளவை உயர்த்தியபோது பழைய கணக்குகளை எல்லாம் தானாக உயர்த்தவில்லை. அறிவிப்பு வந்தபின் நெடுநாள் வாடிக்கையாளர்கள் தங்கள் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். சிலருக்கு 5,000 என்றும், சிலருக்கு 500 என்றும், சிலருக்கு 1 என்றும் காட்டியது. பாதுகாப்பு ஆய்வாளர் விளாடிமிர் பாலன்ட் இதைப் பல ஆண்டுகளாகவே எழுதிவந்தவர். 5,000 சுற்று என்றால் அதே கார்டு இருபது மடங்கு வேகமாக ஓடும். 1,300 ஆண்டு என்றது 65 ஆண்டாகிறது. நூறு கார்டு இருந்தால் எட்டு மாதம். ஒரே சுற்று என்றால் பகடை உருட்டிய நான்கு சொல்லும் ஓரிரு வாரத்தில் விழுந்துவிடும். அந்த வாடிக்கையாளர் தன் பக்கத்தில் எந்தத் தவறும் செய்யவில்லை. பாஸ்வேர்டு வலுவாகத்தான் வைத்திருந்தார். அரைக்கும் கல் மட்டும் அவருக்குத் தெரியாமல் பழசாகவே இருந்தது.

இங்கே நிறுவனத்தின் மேல் எனக்குள்ள வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் அடுத்த முறை மாஸ்டர் பாஸ்வேர்டைத் தட்டும்போது அவரது கருவியிலேயே சாவியைப் புதிய சுற்று எண்ணிக்கையில் செய்து பெட்டகத்தை மறுபடி பூட்டியிருக்கலாம். ஜீரோ நாலெட்ஜ் அதற்குத் தடையே இல்லை. செய்யாமல் விட்டதும், டிசம்பர் அறிவிப்பில் பழைய கணக்குகளின் நிலையைப் பட்டவர்த்தனமாகச் சொல்லாததும் பெரிய பிழை.

அப்புறம், திருடர் உள்ளே வந்த வழி. இதில்தான் ஜீரோ நாலெட்ஜின் மற்றொரு எல்லை தெரிகிறது. 2022 ஆகஸ்டில் ஒரு டெவலப்பரின் கணக்கு வழியாக நிறுவனத்தின் சோர்ஸ் கோடும் தொழில்நுட்ப ஆவணங்களும் போயின. வாடிக்கையாளர் விவரம் எதுவும் போகவில்லை என்று அப்போது சொன்னார்கள். ஆனால் அங்கே கிடைத்ததை வைத்து அடுத்த படி தொடங்கிவிட்டிருந்தது. பேக்கப் இருந்த கிளவுட் சேமிப்பைத் திறக்கும் சாவிகள் சர்வர்களைப் பராமரிக்கும் நான்கே நான்கு டெவ்ஆப்ஸ் பொறியாளர்களிடம் இருந்தன. அவர்களில் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் மீடியா மென்பொருள் ஒன்று ஓட்டையோடு இருந்தது. அதன் வழியே நுழைந்து, தட்டும் எழுத்தையெல்லாம் பதிவு செய்யும் கீலாகரை வைத்தார்கள். பொறியாளர் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் முடித்துவிட்டுத் தன் மாஸ்டர் பாஸ்வேர்டைத் தட்டினார். அது அப்படியே போனது. அவருடைய அலுவலகப் பெட்டகம் திறந்தது, அதற்குள் கிளவுட் சேமிப்பின் சாவிகள் இருந்தன. இதையெல்லாம் நிறுவனமே 2023 மார்ச் தொடக்கத்தில் வெளியிட்டது.

அந்தப் பொறியாளரின் பெட்டகமும் அதே கணிதத்தால் பூட்டப்பட்டதுதான். யாரும் அதை உடைக்கவில்லை. திறக்கும் இடத்தில் நின்று சாவியை வாங்கிக்கொண்டார்கள். சர்வரில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்ற உறுதி, உங்கள் கருவியில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

அந்த மார்ச் அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. லாஸ்ட்பாஸ் ஆதென்டிகேட்டர் செயலியில் ஆறு இலக்க எண்களை உருவாக்கும் மூல விதைகளின் பேக்கப்பும் போயிருந்தது. அது பூட்டித்தான் இருந்தது. ஆனால் அதன் சாவி நிறுவனத்திடமே இருந்ததால் சாவியும் சேர்ந்தே போனது. பெட்டகத்தின் பூட்டுக்கும் இந்தப் பூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். இரண்டையும் என்கிரிப்ட் செய்யப்பட்டது என்றே சொல்வார்கள். சாவி யார் கையில் என்பதைக் கேட்டால்தான் எது ஜீரோ நாலெட்ஜ், எது வெறும் பூட்டு என்று பிரியும்.

பிறகு நடந்தது: 2023 செப்டம்பரில் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் ஒரு செய்தி வெளியிட்டார். கிரிப்டோ வாலட்டைத் திறக்கும் மூலச் சொற்களை லாஸ்ட்பாஸில் ஒரு குறிப்பாக எழுதிச் சேமித்திருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பணத்தை இழந்துவந்தார்கள். அதுவரை 150-க்கு மேற்பட்டவர்கள், 3.5 கோடி டாலருக்கு மேல். 2024 ஜனவரியில் ஒரே ஆளிடமிருந்து சுமார் 15 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடப்பட்ட வழக்கில், அமெரிக்க அரசுத் தரப்பு 2025 மார்ச்சில் தாக்கல் செய்த மனுவும் 2022-இல் திருடு போன பாஸ்வேர்டு மேனேஜர் பெட்டகங்களையே காரணமாகக் காட்டியது. இந்தத் திருட்டுகளைத் தங்கள் நிகழ்வோடு இணைக்கும் உறுதியான ஆதாரம் இல்லை என்பது லாஸ்ட்பாஸின் நிலை. ஆனால் ஒரு பெட்டகத்தை உடைக்கப் பல மாதம் செலவழிக்க வேண்டுமென்றால் யாருடையதை முதலில் எடுப்பார்கள் என்பதற்குத் திறந்து கிடந்த தள முகவரிகளே விடை சொல்லிவிடும்.

பிறகு லாஸ்ட்பாஸ் இயல்பு சுற்று எண்ணிக்கையை 6,00,000 ஆக்கியது. 2024-இல் தள முகவரிகளையும் பூட்டத் தொடங்கியது. 1பாஸ்வேர்டு வேறு வழியில் போகிறது: கருவியிலேயே உருவாகும் 128 பிட் ரகசியச் சாவி ஒன்றை மாஸ்டர் பாஸ்வேர்டோடு கலக்கிறது. அந்தச் சாவி சர்வரில் இல்லாததால், பேக்கப் முழுதும் போனாலும் ராக்யூ பட்டியலை வைத்து ஊகிக்கத் தொடங்கவே முடியாது. அதைத் தொலைத்தால் நீங்களும் உள்ளே போக முடியாது என்பது அதற்கான விலை. பிட்வார்டன் தள முகவரிகளையும் பூட்டுகிறது, சுற்று எண்ணிக்கையை நாமே பார்த்து மாற்ற விடுகிறது.

நீங்கள் வைத்திருக்கும் மேனேஜர் எதுவானாலும், அதன் தொழில்நுட்ப ஆவணத்தில் இந்த ஒன்றைத் தேடிப் பாருங்கள்: அந்த நிறுவனத்தின் டிஸ்க் முழுதும், எல்லா பேக்கப்பும் சேர்த்து, ஒருவர் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் அவர் சாவியில்லாமல் எந்தெந்தக் கட்டத்தைப் படிக்கலாம்? கட்டம் கட்டமாகப் பதில் சொல்லியிருந்தால் நல்லது. ஜீரோ நாலெட்ஜ் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் அது பதில் இல்லை.

2022-இல் அந்தச் சேவையில் கணக்கு வைத்திருந்து, அறிவிப்பு வந்ததும் மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மாற்றம் சர்வரில் உள்ள பெட்டகத்துக்கு மட்டும்தான். திருடர் கையில் உள்ள நகல் அன்றைய மாஸ்டர் பாஸ்வேர்டிலும் அன்றைய சுற்று எண்ணிக்கையிலும் அப்படியே நிற்கிறது, கார்டுகள் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு வேகமாகின்றன. மாற்ற வேண்டியது உள்ளே இருந்தவற்றை: முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, அப்புறம் மற்றவை. கிரிப்டோ மூலச் சொற்களை மாற்ற வழியில்லை. புது வாலட் ஒன்றைத் தொடங்கிப் பணத்தை அதற்கு நகர்த்திவிடத்தான் வேண்டும். பாதுகாப்புக் குறிப்பில் ஆதார், பான், பாஸ்போர்ட் எண்களை எழுதி வைத்திருந்தவர்களுக்கு அப்படி நகர்த்துவதற்கும் ஒன்றுமில்லை. அந்த எண்கள் அந்த நகலில் பூட்டியபடி இருக்கின்றன, பூட்டின் பலம் 2022-இல் அவர்கள் தட்டிக்கொண்டிருந்த பாஸ்வேர்டின் பலம்தான்.